நீங்க கேட்ட விவரம்: நான் பார்க்கிற வேலை, நடத்தின வழக்குகள்

வணக்கம் சார்,

உங்க அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஒரு வக்கீல் தேடுறதா சொல்லி, என்னென்ன கேஸ் பார்ப்பீங்க, இதுவரைக்கும் நடத்துனதுல பெரிய கேஸ் எது, யாருக்காக ஆஜரானீங்கன்னு கமிட்டியில வைக்கிறதுக்கு எழுதிக் கேட்டிருந்தீங்க. முதல் ரெண்டுக்கும் என்னால முடிஞ்ச அளவு விவரமா சொல்றேன், மூணாவதுக்கு பேரு எதுவும் வராது, ஏன்னு கீழயே சொல்லியிருக்கேன்.

என் பேரு, படிப்பு, என்ரோல்மென்ட் நம்பர், தேதி, எந்த பார் கவுன்சில்ங்கறது எல்லாம் இதோட வர்ற லெட்டர்பேடுல இருக்கு. அதுல "ஸ்பெஷலிஸ்ட்"னு எங்கயும் பார்க்க மாட்டீங்க. பார் கவுன்சில் ரூல் 36 படி போர்டுலயோ லெட்டர்பேடுலயோ நான் இந்த மாதிரி கேஸுல ஸ்பெஷலிஸ்ட்னு போடவே கூடாது, விளம்பரம், சர்குலர், புரோக்கர் மூலமா ஆள் பிடிக்கிறது, நான் ஆஜராகுற கேஸ் பத்தி பேப்பர்ல கருத்து சொல்லி போட்டோ போட வைக்கிறது எதுக்கும் இடமில்ல. 2008ல ஒரு திருத்தம் வந்து வெப்சைட்டுல பேரு, முகவரி, என்ரோல்மென்ட், படிப்பு, எந்தெந்தத் துறையில பிராக்டிஸ் பண்றோம்ங்கறது வரைக்கும் போடலாம்னு விட்டாங்க, அவ்வளவுதான். நீங்களா கேட்டதால இத எழுதுறேன், அதனால இதை உங்க கமிட்டிக்குள்ள மட்டும் வச்சுக்கோங்க, தயவுசெஞ்சு மத்த அபார்ட்மெண்ட் குரூப்புக்கெல்லாம் ஃபார்வேர்ட் பண்ணிடாதீங்க, அப்படி சுத்த ஆரம்பிச்சா அது சர்குலர் கணக்குல போயிடும்.

சரி, வேலைக்கு வர்றேன். என் ஆபீஸ்ல பெரும்பகுதி சொத்து சம்பந்தப்பட்ட சிவில் வழக்குதான். பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்தம் போட்டுட்டு எழுதிக் கொடுக்காம இழுக்கிறது, ஆக்கிரமிப்பு, வழித்தகராறு, வாங்குறதுக்கு முன்னாடி பத்திரம் பார்த்து ஒப்பீனியன் கொடுக்கிறது. அதுக்கு அடுத்தது பில்டருக்கும் வீடு வாங்கினவங்களுக்கும் நடக்கிற வழக்கு, ரியல் எஸ்டேட் புகார் பார்க்கிற ரெரா ஆணையத்துலயும் நுகர்வோர் ஆணையத்துலயும். செக் பவுன்ஸ் கேஸ் ரெண்டு பக்கத்துக்கும் பார்த்திருக்கேன். குடும்ப வழக்கு எடுக்கிறேன், ஆனா கொஞ்சமாத்தான், பேசி முடிக்க வழி இருந்தா முதல்ல மீடியேஷனுக்குத்தான் அனுப்புவேன். கிரிமினல் விசாரணை, வரி, கம்பெனி லா இதெல்லாம் நான் பார்க்கிறதில்ல, அது வந்தா அதுல தினமும் நிக்கிற வக்கீலுங்க இருக்காங்க, அவங்ககிட்ட போகச் சொல்லிடுவேன்.

இப்ப நடத்துன வழக்குகள். நான் எழுதுறதுல ஊரு, வருஷம், தொகை, ஆணா பொண்ணாங்கறது எதுவும் இருக்காது. இந்த மாதிரி பிரச்சனை எல்லா கோர்ட்லயும் வர்றதுதான், அதனால படிக்கிறவங்க இது இன்னாருதான்னு கண்டுபிடிக்க முடியாது. அப்படி கண்டுபிடிக்கக் கூடிய கேஸ், அதாவது விஷயத்த சொன்னாலே ஆள் தெரிஞ்சிடும்ங்கற மாதிரி கேஸ், அது எவ்வளவு பெருசா இருந்தாலும் இங்க எழுதல.

முதல்ல ஒரு பத்திர விவகாரம். ஒருத்தர் மனை வாங்கணும்னு பேப்பரோட வந்தாங்க, வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு, பட்டா விக்கிறவர் பேர்ல இருக்கு, பேங்க் லோனுக்கும் பேசியாச்சு. விக்கிறவருக்கு முன்னாடி ஒரு கிரயம், அது பவர் ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தது. பவர் கொடுத்தவர் அந்த கிரயத்தன்னிக்கு உயிரோட இருந்தாரான்னு வில்லங்கச் சான்று சொல்லாது, பட்டா சொல்லாது. வாரிசுச் சான்று கேட்டு வாங்கி, இறந்த தேதிய கிரயப்பத்திரம் பதிவான தேதியோட பக்கத்துல வச்சுப் பார்த்தா பவர் கொடுத்தவர் முதல்ல இறந்திருக்காரு, அதுக்கப்புறம்தான் ஏஜெண்ட் கையெழுத்து போட்டிருக்காரு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 படி பவர் கொடுத்தவர் இறந்தா ஏஜென்சியும் முடிஞ்சிடும், ஏஜெண்டுக்கே அந்த சொத்துல சொந்த உரிமை இருந்தா மட்டும் 202 வேற மாதிரி சொல்லுது. அப்ப பவர் பத்திரத்த எழுத்துக்கு எழுத்து படிச்சாகணும், பணம் வாங்கிக்கிட்டு கொடுத்த பவரா, சும்மா நிர்வாகம் பண்ண கொடுத்ததான்னு. இத்தன வேலையும் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே நடக்குது, இது எந்த கேஸ் லிஸ்ட்லயும் வராது, ஆனா என் வேலையில ரொம்ப முக்கியமானது இதுதான்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது உங்களுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது, பில்டர் ஒப்படைச்ச கட்டடத்துல குறைபாடு. இதுல நான் சங்கத்துக்காகவும் ஆஜராகியிருக்கேன், தனித்தனி வீட்டுக்காரங்களுக்காகவும் ஆஜராகியிருக்கேன். ரெரா சட்டம் பிரிவு 14(3) படி, பொசெஷன் கொடுத்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ கவனத்துக்குக் கொண்டுவந்தா, பில்டர் காசு வாங்காம 30 நாள்ல சரி பண்ணணும். சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு, ஆனா கேஸ் எங்க ஆடிப்போகுதுன்னா கவனத்துக்குக் கொண்டுவந்தோம்ங்கறத நிரூபிக்கிறதுல. வாட்சப்புல பில்டரோட சூப்பர்வைசருக்கு போட்டோ அனுப்பியிருப்பாங்க, அவரு ஆள் அனுப்பி சிமெண்ட் பூசிட்டுப் போயிருப்பாரு, மறுபடி மழையில ஒழுகும், யாரும் தேதி போட்டு ஒரு லெட்டர் எழுதியிருக்க மாட்டாங்க. அதனால நான் முதல்ல பண்றது மூணாவது ஆளா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து ரிப்போர்ட் வாங்குறது, அந்த ரிப்போர்ட்டோட பதிவுத் தபால்ல நோட்டீஸ், அதுக்கப்புறம்தான் மனு. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தா, ரிப்பேர் பண்ணி தடயத்த அழிச்சிடறதுக்கு முன்னாடி சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9 படி அட்வகேட் கமிஷனர் போடச் சொல்லி மனு போட்டு, அவரு வந்து பார்த்து ரிப்போர்ட்டும் பிளானும் கோர்ட்டுல போட வைப்பேன்.

செக் கேஸ்ல நோட்டீஸ் தேதிலயே பாதி தீர்ந்துடும். பேங்க்ல இருந்து ரிட்டர்ன் தகவல் வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது கிடைச்சு 15 நாள்ல பணம் வரலன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள பிராது. எதிர்த்தரப்புல நின்னு வாதாடுனதுல அதிகம் வர்றது, கையெழுத்து மட்டும் போட்டு செக்யூரிட்டிக்கு கொடுத்த செக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 139 படி, செக்கு கடனுக்காகத்தான் கொடுத்ததுங்கற அனுமானம் பிராது கொடுத்தவர் பக்கம் இருக்கும், அத உடைக்க குறுக்கு விசாரணையில அவ்வளவு பணம் அவர்கிட்ட எங்கிருந்து வந்துச்சு, வருமான வரி கணக்குல காட்டியிருக்கா, கொடுக்கும்போது யாரு கூட இருந்தாங்கன்னு ஒவ்வொண்ணா போகணும், சில சமயம் பேசித் தீர்க்கறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு கட்சிக்காரர்கிட்ட சொல்லியும் இருக்கேன்.

குடும்ப வழக்கப் பத்தி ஒரு உதாரணம்கூட எழுத மாட்டேன். இந்து திருமணச் சட்டம் பிரிவு 22 படி அந்த நடவடிக்கையே மூடின அறையில, அத அச்சடிச்சு வெளியிடறதே குத்தம். மீடியேஷன்ல பேசினதுக்கும், ஆர்பிட்ரேஷனுக்கும் அவங்கவங்க சட்டத்துலயே ரகசியக் காப்பு இருக்கு.

எத்தன கேஸ் ஜெயிச்சீங்கன்னும் கேட்டிருந்தீங்க. அந்தக் கணக்கு நான் யாருக்கும் கொடுக்கறதில்ல. ஒரு கேஸ்ல வந்த தீர்ப்பு அந்த பத்திரம், அந்த சாட்சி, அந்த தேதி இதுங்களால வந்தது, அத வச்சு உங்க கேஸும் இப்படித்தான் முடியும்னு நீங்க நம்பினா அது உங்களுக்கு நான் பண்ற துரோகம். ஸ்டே வாங்கித் தர்றேன், இத்தன மாசத்துல முடிச்சுத் தர்றேன்னும் சொல்ல மாட்டேன். ஃபீஸுல ஜெயிச்சா இத்தன சதவீதம்ங்கற பேச்சும் கிடையாது, பார் கவுன்சில் ரூல் 20 அத தடை பண்ணுது.

பேரு ஏன் சொல்லலன்னா, பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 132, முன்னாடி எவிடன்ஸ் ஆக்ட் 126ன்னு இருந்தது, கட்சிக்காரர் வெளிப்படையா சம்மதிச்சா ஒழிய அவரு என்கிட்ட சொன்னதையோ நான் கொடுத்த ஆலோசனையையோ நான் வெளிய விட முடியாது, கேஸ் முடிஞ்சு நான் அவருக்கு வக்கீலா இல்லாமப் போனாலும் இது தொடரும், என் குமாஸ்தாவுக்கும் இதே கட்டுப்பாடுதான். தீர்ப்பு பொதுப் பதிவுதானே, நெட்ல இருக்கேன்னு நீங்க கேக்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்துல வக்கீல் பேர வச்சே வழக்கத் தேட முடியும், நீங்க தேடிப் பாருங்க, அது உங்க உரிமை. ஆனா நானே லிஸ்ட் போட்டு, இவரு என் கட்சிக்காரர்னு கொடுக்கிறது வேற, தீர்ப்புல பேரு வந்துடுச்சுங்கறதுக்காக அவரோட கஷ்டத்த நான் எனக்கு ஆள் சேர்க்க எடுத்துக்கறது சரின்னு எனக்குப் படல. உங்க சங்கத்தோட விஷயத்தையும் நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா இதே பதில்தான் சொல்லுவேன்.

கமிட்டியில ஒத்துக்கிட்டா ஒண்ணு மட்டும் முதல்ல பண்ணுங்க. பேப்பர் எதுவும் அனுப்பாதீங்க, என்ன பிரச்சனைன்னும் எழுதாதீங்க, பில்டர் கம்பெனி பேரு, அதோட பார்ட்னர் இல்ல டைரக்டர் பேரு, நில உரிமையாளர் பேரு இது மட்டும் போதும். அவங்களுக்கு நான் இதுல ஏதாவது ஆலோசனை சொல்லியிருந்தா உங்களுக்கு நான் ஆஜராக முடியாது, அப்புறம் நீங்க சொன்னத கேட்டுட்டு விலகுறது உங்களுக்குத்தான் சிக்கல். இன்னொண்ணு, நான் வந்தா சங்கம்தான் என் கட்சிக்காரர், தனித்தனி வீட்டுக்காரங்க இல்ல, நாளைக்கு மெயின்டனன்ஸ் பாக்கிக்காக சங்கத்துக்கும் ஒரு உறுப்பினருக்கும் தகராறு வந்தா அந்த உறுப்பினருக்கு நான் பேச முடியாது, இத கமிட்டியில முன்கூட்டியே சொல்லிடுங்க.

பேரெல்லாம் பார்த்து தடை இல்லன்னு நான் எழுதி அனுப்பினப்புறம், யாராவது ரெண்டு பேரு சங்கப் பதிவுச் சான்று, ரெண்டு மூணு வீட்டோட கிரயப்பத்திரமும் கட்டுமான ஒப்பந்தமும், பொசெஷன் லெட்டர், கம்ப்ளீஷன் சான்று, பில்டருக்கு அனுப்பின மெயில் வாட்சப் எல்லாம் தேதி வரிசையில எடுத்துட்டு வாங்க. பொசெஷன் லெட்டர்ல இருக்கிற தேதிய இன்னிக்கே ஒரு தடவ பார்த்துடுங்க சார், 5 வருஷம் முடியறதுக்கு கொஞ்ச நாள்தான் இருக்குன்னா நான்னு இல்ல, யார வக்கீலா வச்சாலும் சரி, இந்த வாரமே நோட்டீஸ் போயாகணும்.