வருகைப் படிவமும் சிகிச்சைச் சம்மதமும்: தமிழ்ப் படி

ஆயுர்வேத சிகிச்சை இல்லம், பாலக்காடு மாவட்டம்
அறை 7. பெண், வயது 58, கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை. வருகை: 18 ஜூலை 2025. தங்கல்: 14 நாள்.

இந்தப் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உண்டு. தமிழ்ப் படியில் நீங்கள் கையெழுத்திட்டால் அதில் உள்ள வாசகமே செல்லும். பயணக் களைப்போடு எழுத வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் தமிழ் தெரிந்த செவிலியர் படித்துச் சொல்வார். கணவரோ மகளோ பக்கத்தில் இருந்தால் சிலவற்றைச் சொல்லத் தயங்குவோம். ஆகவே 'உடல்நலக் கேள்விகள்' பகுதியைத் தனியே நிரப்புங்கள்.

முதலில் சில சொற்கள்

மருத்துவர் 'வாதம்' என்றால் பக்கவாதத்தைச் சொல்லவில்லை. 'பித்தம்' என்றால் தலைசுற்றலும் 'கபம்' என்றால் சளியும் மட்டுமே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பின் போக்கை வகைப்படுத்த ஆயுர்வேதம் வைத்துள்ள பெயர்கள் இவை. 'வஸ்தி' என்பது ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது, அதாவது எனிமா. 'விரேசனம்' என்றால் பேதிக்குக் கொடுப்பது. 'நஸ்யம்' என்றால் மூக்கில் மருந்துத் துளி விடுவது. 'சினேகபானம்' என்பது மருந்து நெய்யை வெறும் வயிற்றில், நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் குடிப்பது. சம்மதம் கேட்கும்போது இந்தச் சொற்களோடுதான் கேட்பார்கள். புரியாமல் தலையாட்டாதீர்கள்.

உடல்நலக் கேள்விகள்

1. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அளவோடு. சீட்டு இல்லாவிட்டால் மாத்திரை அட்டையையே காட்டலாம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாமே சேரும்.
விடை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு, கிளிமெபிரைடு 1 மி.கி. காலை. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம், காலை 6 மணிக்கு.

ஏன் கேட்கிறோம்: இங்கே உணவு இலேசானது, இரவில் பெரும்பாலும் கஞ்சி. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மணி அடியுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துத் தருவோம். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்ப்போம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். கஷாயத்தையும் அதே நேரத்தில் குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். இடைவெளியை மருத்துவர் குறித்துத் தருவார்.

2. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா? காலில் இரத்தக்கட்டி வந்ததுண்டா? ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா?
விடை: இல்லை. இரண்டு முழங்காலிலும் வலி மட்டும்.

ஏன் கேட்கிறோம்: கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அது இடம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இதற்கு 'ஆம்' என்று வந்தால் அந்தக் காலில் கை வைக்க மாட்டோம்.

3. பாதத்தில் சூடும் குத்தலும் தெரிகிறதா? செருப்பு கழன்றால் உடனே தெரிகிறதா?
விடை: செருப்பு சில சமயம் கழன்றதே தெரியாது. மரத்துப்போன மாதிரி இருக்கும்.

இது பலர் சாதாரணமாக விட்டுவிடும் கேள்வி. கிழி என்பது மருந்து கட்டிய துணி முடிச்சு. அதைச் சூடாக வைத்து ஒற்றும்போது 'சூடு அதிகம்' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பாதம் மரத்திருந்தால் கொப்புளம் வரும்வரை உங்களுக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆற நாளாகும்.

4. பித்தப்பையில் கல், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு?
விடை: 2023 ஸ்கேனில் பித்தப்பையில் இரண்டு சிறு கற்கள். வலி வந்ததில்லை.

நெய் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும். கல் குழாயில் சிக்கினால் கடுமையான வலி வரும். வலி வந்ததில்லை என்றாலும் எழுதியது நல்லது.

5. எள், கடலை, பால், தேன், இவற்றில் ஏதாவது ஒவ்வாதா? எங்கள் தைலங்கள் பெரும்பாலும் நல்லெண்ணெயில் காய்ச்சியவை. நவரக்கிழி அரிசியைப் பாலில் வேகவைத்துச் செய்வது.
விடை: இல்லை.

6. இதய அடைப்பு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், வலிப்பு, ஆஸ்துமா, காதில் ஓட்டை, கண் அறுவை, குடலிறக்கம், மூலத்தில் இரத்தம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை: எது உண்டு?
விடை: 2021-ல் வலது கண் புரை அறுவை. மற்றது இல்லை.

7. (பெண்களுக்கு) கர்ப்பம், பால் கொடுத்தல், மாதவிடாய். மாதவிடாய் நாள்களில் எண்ணெய்ச் சிகிச்சையும் வஸ்தியும் நிறுத்தப்படும். தங்கும் நாள்களைத் திட்டமிடவே கேட்கிறோம்.
விடை: மாதவிடாய் நின்று 7 வருடம்.

8. மதுவோ அதன் சாயலோ வேண்டாதவரா? அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்பவை. அவற்றில் தானே உண்டான மது இருக்கும். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ உண்டு.
விடை: அரிஷ்டம் வேண்டாம். லேகியமும் வேண்டாம்.

சம்மதம்

ஒவ்வொரு பத்தியையும் தனியே வாசித்து விடை எழுதுங்கள். ஒன்றுக்குச் சம்மதிப்பதால் மற்றதற்கும் சம்மதித்ததாக ஆகாது.

அ. எண்ணெய்ச் சிகிச்சை சுமார் 45 நிமிடம் நடக்கும். பெண்களுக்குப் பெண்களே செய்வர். சிகிச்சைத் துணி தவிர மேலாடை இருக்காது. மார்பிலும் மறைவிடத்திலும் கை படாது. நடுவில் 'போதும்' என்று சொன்னால், காரணம் கேட்காமல் அங்கேயே நிறுத்துவார்கள். தரை வழுக்கும்; எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
விடை: சம்மதம்.

ஆ. வஸ்தி, விரேசனம், நஸ்யம், சினேகபானம் ஆகியவற்றுக்கு இந்தக் கையெழுத்து போதாது. மருத்துவர் தேவை என்று நினைத்தால் முந்தைய நாளே என்ன செய்யப்படும், என்ன தொந்தரவு வரலாம் என்று நேரில் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்பார்.
விடை: புரிந்தது.

இ. சில மாத்திரைகளில் பதப்படுத்திய பாதரசமோ மற்ற உலோகமோ இருக்கும். அட்டையைக் காட்டாமல் அவற்றைத் தர மாட்டோம். மறுப்பது உங்கள் உரிமை. மறுத்ததால் சிகிச்சை நின்றுவிடாது.
விடை: சம்மதம் இல்லை.

ஈ. முழங்கால் வலி குறையலாம். தேய்மானம் சரியாகிவிடும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. பழைய மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவும் மாட்டோம். எங்கள் ஊழியர் யாராவது சர்க்கரை மாத்திரையை விடச் சொன்னால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
விடை: புரிந்தது.

உ. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உங்களையோ குடும்பத்தையோ கேட்டுக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். மருத்துவச் செலவு உங்களுடையது, வண்டிச் செலவு எங்களுடையது.
விடை: சம்மதம். மகளுக்கும் போன் செய்யவும்.

ஊ. படம் எடுப்பது, பயிற்சி மாணவியர் அருகில் நிற்பது.
விடை: படம் வேண்டாம். மாணவி ஒருவர் நிற்கலாம்.

இந்தச் சம்மதத்தை எந்த நாளிலும் வாய்ச் சொல்லாலேயே திரும்பப் பெறலாம். செய்யாத சிகிச்சையின் பணம் திரும்பத் தரப்படும். தங்கும் அறைக் கட்டணம் தரப்படாது.

மருத்துவர் குறிப்பு (விருந்தினருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது)

சினேகபானமும் விரேசனமும் இல்லை: பித்தப்பைக் கற்கள். முதல் மூன்று நாள் இளஞ்சூட்டுத் தைலத்தில் அபியங்கம், அதாவது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது. பிறகு முழங்காலுக்கு மட்டும் நவரக்கிழி. கிழியைச் செய்பவர் முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கிழி கூடாது. காலையில் வெறும் வயிற்றிலும் மாலை 5 மணிக்கும் சர்க்கரை பார்க்கவும். கிளிமெபிரைடு அளவு பற்றி அவருடைய கோவை மருத்துவரிடம் இன்றே பேசவும். அதுவரை இரவுக் கஞ்சியோடு இரண்டு இட்லி. கஷாயம் 15 மி.லி., ஆறிய வெந்நீர் 45 மி.லி. சேர்த்து, காலை 7.30-க்கு. தைராய்டு மாத்திரை நேரம் மாறாது.

விருந்தினர் கையெழுத்து இடப்பட்டது, 18 ஜூலை 2025, மாலை 4.20. அருகில் இருந்தவர்: தமிழ் செவிலியர்.