பொருள்: உங்கள் பதிவில் என் அனுபவ ஆண்டுகள் தவறாக உள்ளன, திருத்தித் தரவும் (டெஸ்ட் லீட் பணி)

வணக்கம் மேடம்,

செவ்வாய்க்கிழமை மாலை போனில் பேசும்போது, "பத்து வருஷ அனுபவத்துக்கு ஒன்பதரை லட்சம்தான் வாங்குறீங்களா?" என்று கேட்டீர்கள். அப்போது பஸ்ஸில் இருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது. "ஆமாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். இரவு நீங்கள் மெயிலில் அனுப்பிய விவரத் தாளைத் திறந்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. அதில் என் மொத்த அனுபவம் 10 ஆண்டுகள் என்று இருக்கிறது. உண்மையில் எனக்கு 6 ஆண்டு 4 மாதம்தான்.

அந்த 10 ஆண்டை 2015-இலிருந்து கணக்கிட்டிருப்பது போல் தெரிகிறது. ஆனால் 2015 என்பது நான் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்த வருடம். என் ரெஸ்யூமில் படிப்பு மேலே, வேலை கீழே இருக்கும். உங்கள் சாஃப்ட்வேர் மேலே இருந்த வருடத்தையே வேலையில் சேர்ந்த வருடமாக எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். நான் முதல் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தது 2019 ஜூலை 8. அங்கிருந்து விலகியது 2022 மார்ச் 31. இப்போதைய கம்பெனியில் 2022 ஏப்ரல் 4 முதல் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் டெஸ்டிங் வேலைதான்.

அப்புறம், நோட்டீஸ் பீரியட் 15 நாள் என்று போட்டிருக்கிறது. எனக்கு 60 நாள். பேசிக் குறைக்க முயற்சி செய்யலாம், ஆனால் இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. 'ஜாவா டெவலப்பர்' என்பதையும் எடுத்துவிடுங்கள். செலினியம் ஸ்கிரிப்ட் எழுதும் அளவுக்கு ஜாவா தெரியும், அவ்வளவுதான்.

"உனக்குச் சாதகமான தப்புதானே, விட்டுடு" என்றான் என் ரூம்மேட். ஆனால் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கிறது. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் அதைக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்த பிறகு ஆஃபர் கையை விட்டுப் போனால், பொய் சொன்னவன் என்ற பெயர் எனக்குத்தான் வரும்.

இந்தத் தாள் ஏற்கெனவே கிளையன்ட்டுக்குப் போயிருந்தால், தயவுசெய்து சரியான விவரத்தை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்பது 8 வருடத்துக்கு மேல் என்று சொன்னீர்கள். 6 வருடத்துக்கு இந்தப் பணி ஒத்துவராது என்றால் பரவாயில்லை, சீனியர் டெஸ்டர் நிலையில் ஏதாவது வரும்போது கூப்பிடுங்கள். திருத்தம் முடியும்வரை வேறு எங்கும் என் புரொஃபைலை அனுப்ப வேண்டாம்.

முதல் கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், இப்போதைய கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி பக்கம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பி.எஃப். பக்கத்தில் யு.ஏ.என். எண்ணை மட்டும் மறைத்திருக்கிறேன், ஆஃபர் உறுதியானால் தருகிறேன். படிப்பைக் கீழே இறக்கி மாற்றிய ரெஸ்யூமும் உடன் இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றியதும் புதிய விவரத் தாளை இதே மெயிலுக்குப் பதிலாக அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. போனில் பேச வேண்டுமென்றால் மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நன்றி,
பிரபு
சோழிங்கநல்லூர், சென்னை