சாவியை ஒப்படைக்கும் முன் உங்களுக்கு ஒரு மடல்

30.06.2025, திங்கட்கிழமை

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கும், எழுத்தர்கள், நகை மதிப்பீட்டாளர், உரக்கிடங்குப் பொறுப்பாளர், அங்காடி விற்பனையாளர்கள், கட்டுநர், இரவுக் காவலர் ஆகிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று மாலை ரொக்கப் புத்தகத்தை முடித்துக் கையொப்பமிட்டதும் என் பணி நிறைவடைகிறது. பாராட்டுக் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். எனக்கு மேடையில் நான்கு வாக்கியத்துக்கு மேல் வராது என்பதும், நான்காவது வாக்கியத்தில் அழுதுவிடுவேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

1989 ஆகஸ்டில் நம் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எழுத்தராக இந்தப் படியேறினேன். அப்போது சங்கத்தில் நான் ஒருத்திதான் பெண். உறுப்பினர்கள் என்னிடம் பணம் கொடுக்கத் தயங்கி, "ஐயா எப்போ வருவார்?" என்று கேட்டபடி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பத்தாண்டுகள் கழித்துக் காசாளர் ஆனேன், பிறகு துணைச் செயலாளர் ஆனேன். ஆனாலும் ஊருக்கும் உங்களுக்கும் இன்றுவரை நான் 'கேஷியர் அக்கா'தான். எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களில் பெரும்பாலோர் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கியிருக்க மாட்டீர்கள். வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டு, தை மாதம், அறுவடைப் பணம் கைக்கு வந்து எல்லோரும் நகை மீட்க நிற்கும் நேரம். ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவருமே பக்கத்துப் பக்கத்து ஊர், கணவர் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே. கடன் எண் 214 என்பதை நான் 241 என்று படித்து, பெட்டகத்திலிருந்து வேறு பையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பையை வாங்கிய அம்மா அவசரத்தில் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், கதவைச் சாத்தப் போகும்போது, வயல் வரப்பெல்லாம் நடந்து திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தார். "இது என் தோடு இல்லை, ஆயி. என் தோட்டுல சிவப்புக்கல் ஒண்ணு உதிர்ந்து போயிருக்கும். இதுல எல்லாக் கல்லும் இருக்கு" என்றார். அவர் திரும்பி வராமல் இருந்திருந்தால் நான் இன்று இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்றைய செயலாளர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை பெட்டகத்தைத் திறக்கும் முன், "இனிமேல் பையைப் பிரிக்கும் முன்னாடி, என்ன நகை வெச்சீங்கன்னு அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் அதை விடவில்லை. இளைய எழுத்தர் தம்பி, நான் நன்றாகத் தெரிந்த உறுப்பினரிடம்கூட "என்ன நகைம்மா வெச்சீங்க?" என்று கேட்பதைப் பார்த்து ஒருமுறை சிரித்தீர்கள். காரணம் இதுதான். கணினித் திரையில் கடன் எண்ணும் படமும் வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கல் உதிர்ந்த தோட்டை அதற்குரியவர்தான் அறிவார். தயவுசெய்து அந்தக் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள்.

நகை மதிப்பீட்டாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உரைகல்லில் இழுத்த கோட்டின் மேல் அமிலத்துளி விட்டுப் பார்ப்பதையும், மொத்த எடையிலிருந்து கல்லையும் அரக்கையும் அழுக்கையும் கழித்து நிகர எடை போடுவதையும் எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒருமுறை ஒரு வயதான அம்மாவின் சங்கிலியில் கொக்கி மட்டும் செம்பு என்று தெரிந்தபோது, கூட்டத்தின் நடுவே அதைச் சொல்லாமல், அவரை உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அம்மா, கொக்கி போட்டவன் ஏமாத்திட்டான்போல, வேற மாத்திக்கிங்க" என்று சொன்னார். எடை குறைவதால் கடனும் குறையும் என்பதையும் அவரே விளக்கினார். கூட்டத்தில் சொன்னாலும் உள்ளே அழைத்துச் சொன்னாலும் விதிப்படி ஒன்றுதான். ஆனால் அந்த அம்மா தலைநிமிர்ந்து வெளியே போனார்.

நாம் சேர்ந்து கடந்த நாட்களைப் பட்டியலிட்டால் இந்த மடல் தணிக்கை அறிக்கைபோல் நீண்டுவிடும். இரண்டு மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்த பிறகு, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் பழைய தாள்களை வாங்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவும் 14ஆம் தேதி வந்தது. கடன் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் நிற்க, அதை வாங்க முடியாமல் நாம் நின்ற அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. கட்ட வந்தவனைத் திருப்பி அனுப்புவதுபோல் கூட்டுறவு வேலையில் வேறு சங்கடம் எதுவும் இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது நமது ஓட்டுக்கூரையின் மேற்குப் பக்கம் பறந்துபோனது. நாங்கள் மூவரும் முழங்கால் தண்ணீரில் உள்ளே வந்து முதலில் பார்த்தது பெட்டகத்தை. அது பத்திரமாக இருந்தது. உறுப்பினர் பேரேடுகளின் அடித்தட்டு மட்டும் நனைந்திருந்தது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், உரக்கிடங்கின் மேட்டில் தார்ப்பாய் விரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையே பழைய செய்தித்தாளை வைத்து வெயிலில் உலர்த்தினோம். இரவுக் காவலர் அண்ணன் தம் வீட்டுக் கூரையே போயிருந்த நிலையிலும், பேரேட்டின் மேல் காகம் உட்காராமல் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் குந்தியிருந்தார். அவருக்கு அன்று நாங்கள் யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத நாட்கள் அவை. அண்ணே, இப்போது சொல்கிறேன்.

தள்ளுபடிக் காலங்களைப் பற்றி என்ன சொல்ல? 2006, 2016, 2021 என மூன்று முறை பயிர்க்கடன் தள்ளுபடிக்குப் பட்டியல் எடுத்திருக்கிறேன். சாகுபடிப் பரப்பை அடங்கலோடும் சிட்டாவோடும் ஒப்பிட்டு, இரவு பதினொரு மணிக்கு இட்லி வாங்கிச் சாப்பிட்டபடி எழுதிய பட்டியல்கள் அவை. ஆனால் எனக்கு அதிகம் வலித்தது 2021இல் வந்த ஐந்து சவரன் நகைக்கடன் தள்ளுபடிதான். 40 கிராமுக்கு ஒரு கிராம் மேலே போனவர்களும், ஒரே குடும்ப அட்டையில் இரண்டு கடன் வைத்திருந்தவர்களும் கவுன்ட்டரில் நின்று, "நீங்கதானே பேரை எடுத்துட்டீங்க?" என்று கேட்டார்கள். விதியை எழுதியவர்கள் சென்னையில் இருந்தார்கள். அதைச் சொல்லும் முகம் நம்முடையதாக இருந்தது. அந்த நாட்களில் இளைய எழுத்தர் தங்கைமீது நான் இரண்டு முறை எரிந்து விழுந்தேன். அது அவர் தவறு அல்ல. அன்று மன்னிப்புக் கேட்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மனமில்லை. இப்போது கேட்கிறேன், தங்கச்சி.

செயலாளர் அவர்களே, நீங்கள் எனக்கு இளையவர். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஒரு செல்வாக்கான உறுப்பினர் பழைய நிலுவையை அப்படியே வைத்துக்கொண்டு புதுக்கடன் கேட்டபோது, நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் "முடியாது" என்றீர்கள். அதற்காக வந்த தொலைபேசி அழைப்புகளை நீங்களே தாங்கிக்கொண்டீர்கள், என் பெயரை இழுக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. மாலைக் காபிக்கு நீங்கள் கொடுத்துவந்த காசை நான் கணக்கெழுதி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேலி செய்வதுண்டு. உண்மையிலேயே எழுதி வைத்திருந்தேன். நேற்றோடு கணக்கு நேராகிவிட்டது.

அங்காடி விற்பனையாளர் தம்பிகளுக்கு: மாத முதல் வாரத்தில் உங்கள் கவுன்ட்டர் வரிசை எங்கள் வாசல்வரை நீள்வதை எத்தனையோ முறை குறை சொல்லியிருக்கிறேன். கைரேகை பதியாமல் திரும்பும் முதியவர்களை நீங்கள் மறுநாளும் வரச் சொல்லி, பொறுமையாக விரலைத் துடைத்துத் துடைத்துப் பதிய வைத்ததையும் பார்த்திருக்கிறேன். குறையை வாய்விட்டுச் சொன்ன நான், பார்த்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள். குறுவைக்குக் கடன் கேட்டுக் கூட்டம் வரும் நேரத்தில் உங்களை விட்டுப் போகிறேன். பிறந்த தேதியை மாற்ற முடியாது. ஆகவே சில செய்திகளை மட்டும் குறித்துவிடுகிறேன். யூரியா மூட்டை இருப்பைப் புதன்கிழமையில் எண்ணாதீர்கள். அன்று சந்தை நாள், எண்ணி முடிக்க விடமாட்டார்கள். வடக்குத் தெருப் பெரியவர் மாதாமாதம் தொடர் வைப்புக்குச் சில்லறையாகத்தான் கொண்டுவருவார். அவர் முன்னாலேயே எண்ணுங்கள், எண்ணுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. சுயஉதவிக் குழுக்களின் கடன் கோப்புகள் நீல அலமாரியின் இரண்டாம் தட்டில், ஊர்வாரியாக இருக்கின்றன. பாதுகாப்புப் பெட்டகத்தில் இன்று மாலை உள்ள நகைப்பைகளை மதிப்பீட்டாளர் ஐயாவும் நானும் இரண்டு முறை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறோம்.

கடைசியாகச் சாவி. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு கைகள் என்பது விதி. செயலாளரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட நான் அதைத் தனியாகத் திறந்ததில்லை, திறக்கவும் முடியாது. என் சாவியை இன்று இளைய எழுத்தர் தங்கையிடம் பதிவேட்டில் எழுதி ஒப்படைக்கிறேன். தங்கச்சி, மழைக்காலத்தில் அந்தப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சாவியை அழுத்தித் திருப்பாதே, வளைந்துவிடும். கதவைப் பிடியோடு உன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டே இடப்பக்கம் திருப்பு, திறந்துவிடும்.

நாளைக் காலை பத்து மணிக்கு நான் உறுப்பினராக வந்து வாசல் பெஞ்சில் உட்காருவேன். என் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தில் வட்டி வரவு வைக்க வேண்டியிருக்கிறது. வரிசையில் என்னை முன்னால் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கேஷியர் அக்கா