முடிவுரை: எஃப்பிஜிஏ போர்டில் போக்குவரத்து விளக்குக் கட்டுப்பாடு

பேசிஸ் 3 போர்டில் ஆறு நிலை கொண்ட மூர் வகை ஸ்டேட் மெஷின் எதிர்பார்த்தபடி இயங்கியது. வடக்கு-தெற்குப் பச்சை 20 நொடி, கிழக்கு-மேற்குப் பச்சை 15 நொடி. ஒவ்வொன்றையும் அடுத்து 3 நொடி மஞ்சள், 1 நொடி முழுச் சிவப்பு. மொத்தச் சுற்று 43 நொடி. இரு பச்சையும் ஒருசேர எரியும் நிலை சிமுலேஷனிலும் வரவில்லை, போர்டிலும் வரவில்லை.

முதல் சோதனையில் சுற்று 49 நொடியாக நீண்டது. டைமர் 0-இல் தொடங்குவதால், N நொடி நீடிக்க வேண்டிய ஒவ்வொரு நிலைக்கும் `count == N` என்ற ஒப்பீடு ஒரு நொடி கூட்டியது. `count == N-1` என மாற்றியதும் சரியானது. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கிலிருந்து 1 நொடித் துடிப்பு பெற 99,999,999 வரை எண்ண வேண்டும். அதற்கு 27 பிட் தேவை. 26 பிட் 67,108,863-லேயே சுழன்றுவிடும், துடிப்பே வராது (சிமுலேஷனில் எண்ணிக்கையைச் சுருக்கி ஓட்டினால் இது கண்ணில் படாது). இத்துடிப்பைத் தனிக் கிளாக்காக அல்லாமல் எனேபிளாகப் பயன்படுத்தியதால் முழு வடிவமைப்பும் ஒரே கிளாக்கில் நின்றது.

பாதசாரி பொத்தானுக்கு இரட்டை ஃபிளிப்-ஃபிளாப் சிங்க்ரனைசரும் 20 மில்லிநொடி டிபவுன்ஸும் போதுமாயிருந்தன.

நேரங்கள் நிலையானவை என்பதே பெரிய குறை. காலையும் மாலையும் நெரிசல் திசை மாறும் பெங்களூரு சந்திப்புகளுக்கு, வாகன சென்சார் உள்ளீட்டால் பச்சையை நீட்டும் வசதி அடுத்துச் சேர்க்க வேண்டியது.