இஸ்திரி, சலவை, கறை நீக்கம்: உருப்படி விலையும் கிலோ விலையும்

மேற்கு மாம்பலம் கடை. தை 1 முதல் இந்த விலை.
காலை 8 முதல் இரவு 8 வரை. ஞாயிறு மதியம் 1 மணியோடு சரி.

உருப்படிக்கு (இஸ்திரி மட்டும் / துவைத்து இஸ்திரி)

சட்டை, பேன்ட்: ரூ.12 / ரூ.35
ஜீன்ஸ்: ரூ.15 / ரூ.60
பள்ளிச் சீருடை செட்: ரூ.20 / ரூ.55
சுடிதார் செட், துப்பட்டாவோடு: ரூ.30 / ரூ.75
4 முழ வேட்டி: ரூ.15 / ரூ.35
8 முழ வேட்டி: ரூ.25 / ரூ.50
காட்டன் புடவை: ரூ.40 / ரூ.90
டபுள் பெட்ஷீட்: ரூ.25 / ரூ.70
பட்டுப்புடவை: இஸ்திரி ரூ.100, ட்ரை வாஷ் ரூ.250. தண்ணீரில் போட மாட்டோம்.

கஞ்சி வேண்டுமானால் வேட்டிக்கு ரூ.15, புடவைக்கு ரூ.25 கூடுதல்.

கிலோவுக்கு

துவைத்து மடித்துத் தர: ரூ.80
துவைத்து இஸ்திரி போட்டுத் தர: ரூ.120

குறைந்தது 3 கிலோ. ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுத் துணியோடு சேர்த்துப் போடுவதில்லை. அதனால்தான் இந்த அளவு. நனைக்கும் முன், உங்கள் கண் எதிரே எடை போடுவோம். பட்டு, கம்பளி, சாயம் போகிற துணி கிலோ கணக்கில் சேராது.

எது லாபம்?

முழுக்கைச் சட்டை ஒன்று 200 முதல் 250 கிராம் வரும். இஸ்திரியோடு கிலோ கணக்கில் ரூ.24 முதல் ரூ.30 தான், உருப்படி கணக்கில் ரூ.35. ஆனால் ஜீன்ஸ் 600, 700 கிராம் நிற்கும். அதைக் கிலோவில் போட்டால் ரூ.72க்கு மேல் போய்விடும், உருப்படிக்கு ரூ.60தான். குழந்தைத் துணிக்குக் கிலோவே நல்லது. இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம். மூட்டையைப் பிரித்து, கனத்த துணியைத் தனியே எடுத்து, எது குறைவோ அப்படியே பில் போடுகிறோம்.

கறைக்கு (சலவையோடு கூடுதலாக, ஒரு துணிக்கு)

டீ, காபி, குழம்பு, ரத்தம்: ரூ.20
எண்ணெய், கிரீஸ்: ரூ.30
பேனா மை, துரு: ரூ.50
பட்டில் கறை என்றால் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வோம்.

கறை போகவில்லையென்றால் கறைக்கான காசு வாங்க மாட்டோம். ஆனால் துணி கொடுக்கும்போதே கறையைக் காட்டிவிடுங்கள். இஸ்திரிச் சூடு பட்டுவிட்டால் அது நூலோடு பிடித்துக்கொள்ளும். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசிக் கொண்டுவாருங்கள், வெந்நீர் கூடவே கூடாது. வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திய இடம் சோப்பு பட்டதும் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் குணம். அலசி வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும்.

டெலிவரி

இஸ்திரி மறுநாள் மாலை, சலவை 2 நாள், ட்ரை வாஷ் 5 நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சலவைக்கு ஒரு நாள் கூட ஆகும். ரூ.200க்கு மேல் என்றால், 1 கிலோமீட்டருக்குள் வீட்டுக்கே வந்து வாங்கி, திருப்பித் தருவோம். தனிக் காசு இல்லை.

துணியில் மையால் குறி போடுவதில்லை. நம்பர் எழுதிய துணித்துண்டைக் காஜாவில் கட்டுகிறோம். உடுத்தும் முன் அவிழ்த்துவிடுங்கள்.