ரப்பர் மரம் பற்றிய உரைக்கு நன்றியும் இரண்டு கேள்விகளும்

சுங்கை சிப்புட், பேராக்
14 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற புதன்கிழமை எங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தில் நீங்கள் பேசியபோது, மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் நான். "உங்களில் யார் வீட்டில் பால் மரம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்டதும் முதலில் யாருமே கையைத் தூக்கவில்லை. அப்புறம் ஒன்று, இரண்டு என்று பாதி வகுப்புக் கைகள் மேலே போயின. எங்களுக்குள் இத்தனை பேர் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. அதற்காகவே முதலில் உங்களுக்கு நன்றி.

நான் படிவம் ஐந்து, அறிவியல் பிரிவு. வேதியியல் பாடத்தில் பாலிமர் பகுதியை ஏற்கெனவே முடித்துவிட்டோம். ரப்பர்த் துகளைச் சுற்றிப் புரதச் சவ்வு, அதன் மேல் எதிர்மின்னூட்டம், அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனி அதைச் சமன்செய்துவிடும், துகள்கள் மோதிச் சவ்வு உடையும், பால் கட்டிவிடும். இதை மலாயில் மனப்பாடம் செய்து சோதனையில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நீங்கள் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாலை ஊற்றி, ஒன்றில் அமோனியாவும் இன்னொன்றில் ஃபார்மிக் அமிலமும் விட்டு, "இப்போது குச்சியால் கிண்டிப் பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் அது எனக்கு உண்மையிலேயே புரிந்தது. குச்சியோடு மொத்தமும் எழுந்து வந்துவிட்டதே! பாடத்தில் எழுதியதும் கையில் பிடித்ததும் ஒன்றுதான் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி பதினாறு வயதில் கத்தி பிடித்தவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றும்வரை ஏறக்குறைய இருபது வருடம் வெட்டியிருக்கிறார். விடியற்காலையில் வெட்டினால்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து அழுத்தம் குறைந்துவிடும், பாலும் குறையும் என்று நீங்கள் விளக்கியதைச் சொன்னபோது, "இதைச் சொல்றதுக்கா இவ்ளோ படிச்சாரு?" என்று சிரித்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, பாட்டி எல்லாரையும் இப்படித்தான் சொல்வார். ஆனால் அடுத்து நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். என் முதல் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

பால்குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் வளரும் மெல்லிய அடுக்கான கேம்பியத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன என்று படம் வரைந்து காட்டினீர்கள். அதனால் ஆழமாக வெட்ட வெட்ட பால் கூடும், ஆனால் கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் காயம். கத்திக்கும் கேம்பியத்துக்கும் நடுவில் விட வேண்டியது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே உணர்ந்து வெட்டுவது எப்படி என்று அன்றைக்கே எனக்குத் திகைப்பாக இருந்தது. அப்புறம் மருந்தைப் பற்றிச் சொன்னீர்கள். எத்திஃபான் தடவினால் மரத்துக்குள் எத்திலீன் உண்டாகும், வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாது, பால் நெடுநேரம் ஓடும். அளவு மீறினாலோ அடிக்கடி வெட்டினாலோ மரம் களைத்துப்போய் வெட்டுவாய் வறண்டுவிடும் என்றீர்கள்.

இதைச் சொன்னதும் பாட்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய நிரையில் ஒரு வருடம் மருந்து தடவினார்களாம். "மொதல்ல ஆறா ஓடுச்சு. மங்கு நெறஞ்சு வழிஞ்சுச்சு. அப்பறம் ஒவ்வொண்ணா வத்திப்போச்சு," என்றார். வற்றியதும் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா ஐயா? கத்தி பிடித்தவர்மேல். நீதான் ஆழமாக வெட்டி மரத்தைக் கெடுத்தாய் என்று விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார்கள். சம்பளத்திலும் பிடித்தார்களாம். அதே ஆட்கள்தான் முந்தின மாதம் பால் போதவில்லை, இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டு என்று சொன்னவர்கள். பாட்டி இதை என்னிடம் மட்டுமல்ல, அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருடமாகத் தன் கைதான் தப்பு செய்துவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்குள் இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் முதல் கேள்வி: காயத்தால் கெட்ட மரத்தையும் மருந்தாலோ அளவுக்கு மீறிப் பால் எடுத்ததாலோ வறண்ட மரத்தையும் பட்டையைப் பார்த்தே பிரித்துச் சொல்ல முடியுமா? காயம் பட்ட இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும் என்று சொன்னீர்கள். பாட்டி, தன் மரங்களில் பட்டை வழவழப்பாகத்தான் இருந்தது, புடைப்பே இல்லை, ஆனால் பால் மட்டும் வரவில்லை, சிலவற்றில் பட்டையின் உள்பக்கம் பழுப்பேறியிருந்தது என்கிறார். அப்படியானால் அது கத்தியின் குற்றம் இல்லை என்று சொல்லலாமா? மருந்து தடவாமலே வறளும் மரங்களும் உண்டா? அந்த மரங்களை எப்போதோ வெட்டி எரித்துவிட்டார்கள், நிச்சயமாக எதையும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய பதிலைப் பாட்டிக்குப் படித்துக்காட்ட ஆசைப்படுகிறேன். பதில் "கத்திதான் காரணம்" என்று இருந்தாலும் பரவாயில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அவர் தாங்கிக்கொள்வார்.

இரண்டாவது கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பது கோல கங்சாரில் நடப்பட்டன, அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது என்று சொன்னீர்கள் அல்லவா? இங்கிருந்து அரைமணி நேரம்தான். ஆனாலும் நான் பார்த்ததே இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மாமாவை நச்சரித்துப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, பாட்டி பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று அடிமரத்தையே மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மட்டும் வெயிலாகிறது, கிளம்பலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த மரத்தடியில் நின்றபோதுதான் உங்கள் உரையின் கடைசிப் பகுதி நினைவுக்கு வந்தது. விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்துத் தப்பியவை கொஞ்சம்தான், இந்த வட்டாரத்தின் தோட்டங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் பிள்ளைகள்தான் என்றீர்கள். அமேசான் காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் பரவ முடியாமல் அடங்கியிருந்தது. 1928-க்குப் பிறகு கார் தயாரிப்பாளர் ஃபோர்டு அங்கே நெருக்கி நட்டதும் பூஞ்சை தோட்டத்தையே அழித்துவிட்டது. அந்த நோய் இங்கே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்டுவிட்டு நிறுத்தியபோது மணி அடித்துவிட்டது. பதிலைக் கேட்க முடியாமல் போய்விட்டது, அந்த மணியின்மேல் எனக்கு இன்னும் கோபம்.

1981-இல் பல நாடுகள் சேர்ந்து அமேசானுக்குப் போய்ப் புதிய விதைகளைச் சேகரித்து, ஒரு பங்கை மலேசியாவில் நட்டு வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அந்தக் காட்டு மரங்கள் பால் குறைவாகத்தான் கொடுக்கும், ஆனால் அவற்றில் நோயைத் தாங்கும் குணம் இருக்கலாம். என் இரண்டாவது கேள்வி இதைப் பற்றியது. நாற்று நட்டுக் கத்தி வைக்கவே ஐந்து, ஆறு வருடம் ஆகும். அதன் பிறகு பால் எவ்வளவு, நோய் தாங்குகிறதா என்று பார்க்க இன்னும் பல வருடம். அதில் தேறியதை மறுபடி கலந்து நட்டால் திரும்பவும் அதே காத்திருப்பு. ஒரு ஆராய்ச்சியாளரின் முழுப் பணிக்காலத்திலேயே இரண்டு, மூன்று தலைமுறை மரங்களைத்தான் பார்க்க முடியும் போலிருக்கிறதே. எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனைதான். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு, இன்று கையுறை செய்யப் பாலை வெளியிலிருந்து வாங்குகிறது. இப்படி இருக்க, பலன் கிடைக்க நாற்பது, ஐம்பது வருடம் ஆகக்கூடிய மரங்களை யார் பொறுமையாக வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்? இடம் வேண்டும் என்று அவற்றையும் ஒருநாள் சாய்த்துவிட மாட்டார்களா? இதைக் குதர்க்கமாகக் கேட்கவில்லை ஐயா. எஸ்.பி.எம். முடித்துத் தாவரவியல் படிக்கலாமா என்று இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த வேலை நான் படித்து முடிக்கும்போதும் இருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். தமிழில் அறிவியல் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. சில சொற்கள் முதலில் மலாயில்தான் வந்தன. தமிழ் ஆசிரியை ஒருமுறை பார்த்துக் கொடுத்தார், மிச்சமிருக்கும் பிழைகள் என்னுடையவை. பதிலைப் பள்ளி முகவரிக்கே, தமிழ்மொழிக் கழகத்தின் பெயரில் அனுப்பலாம். அவசரமில்லை, தேர்வுக்கு முன்னால் வந்தால் போதும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் காட்டுவதற்காகக் கொண்டுவந்த கட்டிப்பாலை ஆய்வுக்கூட மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இப்போது நான்காம் படிவம் அந்தப் பக்கமே வர மறுக்கிறது. தூக்கிப் போடலாமா, இல்லை உங்களுக்கு வேண்டுமா என்று வேதியியல் ஆசிரியை கேட்கச் சொன்னார். பாட்டியிடம் சொன்னேன். "அந்த வாசன இல்லாம நான் தூங்குனதே கெடையாது, வீட்டுக்கு எடுத்துட்டு வா," என்கிறார். அம்மா சம்மதிக்கவில்லை.

மிக்க நன்றியுடன்,
தர்ஷினி
படிவம் 5, அறிவியல் பிரிவு
செயலாளர், தமிழ்மொழிக் கழகம்