அரிசிக்கு வராத குருவி

சேலம் குகைப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசித்த யாழினி, வீட்டைச் சுற்றிக் காணும் பறவைகளை எழுதி வருமாறு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை சொன்னதிலிருந்து, காலையும் மாலையும் பால்கனியே கதியென்று நின்றாள். காகம், புறா, மைனா, பச்சைக்கிளி என்று பட்டியல் நீண்டது. பாடப்புத்தகத்தில் முதல் படமாக இருந்த சிட்டுக்குருவி மட்டும் கண்ணில் படவே இல்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாயிக்கு அது நம்ப முடியாததாக இருந்தது.

"எங்கள் ஓட்டு வீட்டில் சாய்வாக மாட்டிய சாமி படத்துக்குப் பின்னால்தான் குருவி கூடு கட்டும், கண்ணு. குஞ்சு பறக்கும் வரை உன் அப்புச்சி அந்த அறையில் மின்விசிறியைப் போட விடமாட்டார். தறிச் சத்தத்துக்குக்கூட அவை அஞ்சியதில்லை."

"அவ்வளவு குருவிகளும் எங்கே போயின, அம்மாயி?"

அம்மாயியிடம் பதில் இல்லை. அலைபேசிக் கோபுரங்கள்தான் காரணம் என்றார் அம்மா. அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்றார் அப்பா. குருவிகளுக்குப் பசியாக இருக்கும் என்று யாழினி தானே முடிவு செய்து, ஒரு தட்டில் நொய்யரிசியும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தாள். புறாக்கள் வந்து தட்டைக் காலி செய்துவிட்டுப் போயின.

சனிக்கிழமை காலை, பருப்பு வாங்குவதற்காக அம்மாயி அவளைச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு அழைத்துச் சென்றார். மூட்டை இறக்கும் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, மண்டி வாசலில் சிந்திக் கிடந்த கம்பைச் சில குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. யாழினி அம்மாயியின் கையை இறுகப் பற்றினாள். அவற்றுள் ஒன்றுக்குத் தொண்டையிலிருந்து நெஞ்சு வரை கரிய திட்டு. உச்சந்தலை சாம்பல் நிறம். அது ஆண் குருவி என்று அம்மாயி அவள் காதருகில் சொன்னார்.

அப்போது பழுப்பு நிறப் பெண் குருவி ஒன்று பக்கத்துச் சந்திலிருந்து பறந்து வந்து, பெயர்ப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பொந்தின் விளிம்பில் அமர்ந்தது. உள்ளிருந்து கீச்சொலி எழுந்தது. மஞ்சள் ஓரமுடைய சின்ன வாய்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திறந்தன. தாயின் அலகில் இருந்தது தானியம் அன்று, நெளிந்துகொண்டிருந்த பச்சைப்புழு. அதைத் திணித்துவிட்டு அது மீண்டும் அதே சந்துக்குப் பறந்தது. அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டின் கொல்லையில் முருங்கை மரமும் வேலிச் செடிகளும் இருந்தன.

"இவ்வளவு கம்பு சிந்திக் கிடக்கும்போது அது ஏன் புழுவைத் தேடிப் போகிறது?" என்று யாழினி கேட்டாள்.

மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பெரிய குருவிதான் தானியம் தின்னும், பாப்பா. பிறந்த குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். அது இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காது. அந்த வீட்டையும் இடித்துக் கட்டப்போகிறார்கள், பிறகு இவை என்ன செய்யுமோ."

வீடு திரும்பும் வழியில் யாழினி அதிகம் பேசவில்லை. தங்கள் குடியிருப்பு வாசலுக்கு வந்ததும் நின்று, முதன்முறையாக ஒரு குருவிக்கு என்னென்ன தேவையோ அவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு அந்த இடத்தை ஏற இறங்கப் பார்த்தாள். ஓடும் உத்திரமும் இல்லாத வழவழப்பான சுவர்களில் ஒரு பொந்துகூட இல்லை. மண்ணில் புரண்டு குளிக்க இடமில்லாமல் தரை முழுவதும் சிமென்ட் கல் பதித்திருந்தார்கள். மதிலோரச் செம்பருத்திச் செடிகளுக்கு மாதந்தோறும் ஒருவர் வந்து மருந்து அடித்துவிட்டுப் போவார். அவற்றின் இலைகளில் ஓட்டையே இராது. நான்கு தெரு தள்ளி வாழும் குருவிகள் இங்கே வராததற்கு அரிசி காரணமே இல்லை.

அன்று மாலையே அவள் அப்பாவுடன் சங்கச் செயலாளரைப் பார்த்தாள். மாடிப்படிச் சுவரில் மரப்பெட்டி மாட்ட அவர் உடனே சம்மதித்தார். மைனா நுழைய முடியாதபடி வாசலை மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அப்பா கேட்டறிந்து வந்திருந்தார். மருந்து விஷயத்தில்தான் செயலாளர் தயங்கினார்.

"புழு வந்தால் எல்லோரும் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள், அம்மா."

"மதிலோரச் செடிகளுக்கு மட்டும் வேண்டாம், தாத்தா. யார் வீட்டுக்குள் புழு வந்தாலும் மூன்றாம் மாடிக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே எடுத்துச் செடியில் விட்டுவிடுகிறேன்."

செயலாளர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அறிவிப்புப் பலகைக்கான தாளை எடுத்து, செம்பருத்திக்கு இந்தப் பங்குனி முதல் மருந்து இல்லை என்று எழுதி, அதன் கீழே யாழினியின் வீட்டு எண்ணையும் குறித்தார்.